சுற்றுப்பாதையின் உயரத்தை மாற்றுவதை விடச் சாய்வை மாற்ற ஏன் இவ்வளவு எரிபொருள் தேவைப்படுகிறது?

பூமிக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் வட்டப்பாதையில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தொட்டியில் மிஞ்சியிருக்கும் எரிபொருளைக் கொண்டு, அதன் வேகத்தில் மொத்தம் வினாடிக்கு 217 மீட்டர் அளவுக்கு மாற்றம் செய்ய முடியும். இந்த எரிபொருளை உயரத்துக்காகச் செலவிட்டால் அது 800 கி.மீ. உயரத்திலுள்ள புதிய வட்டப்பாதையைச் சென்றடைந்துவிடும். அதே எரிபொருளைப் பாதையின் சாய்வை மாற்றச் செலவிட்டால், பாதை 1.6 பாகை மட்டுமே திரும்பும். முதலாவது செயலில் உயரம் இரண்டு மடங்காகிறது; இரண்டாவதில் ஏற்படும் மாற்றத்தைப் படத்தில் வரைந்து காட்டினால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறிதளவு கணக்கோடு படிப்படியாகப் பார்ப்போம்.

சாய்வு என்பது, சுற்றுப்பாதை அமைந்திருக்கும் தளத்துக்கும் பூமியின் நிலநடுக்கோட்டுத் தளத்துக்கும் இடையிலுள்ள கோணம். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே சுற்றும் செயற்கைக்கோளின் சாய்வு 0 பாகை. இரு துருவங்களுக்கும் மேலே சுற்றுவதன் சாய்வு 90 பாகை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் சாய்வு 51.6 பாகை என்பதால், அது வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 51.6 பாகை அட்சரேகை வரை சென்று திரும்புகிறது. இந்தத் தளம் எப்போதும் பூமியின் மையத்தின் வழியாகவே செல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பூமி தன் மையத்தை நோக்கியே இழுப்பதால், எந்தச் செயற்கைக்கோளும் ஒரு குறிப்பிட்ட அட்சரேகைக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருக்க முடியாது. ஏதோ ஓரிடத்தில் அது நிலநடுக்கோட்டைக் கடந்தே ஆக வேண்டும்.

அடுத்து, வேகத்தை ஓர் அம்பாக நினைத்துக்கொள்வது உதவும். அம்பின் நீளம் எவ்வளவு விரைவு என்பதையும், அதன் முனை எந்தத் திசை என்பதையும் காட்டும். 400 கி.மீ. உயரத்தில் இந்த அம்பின் நீளம் வினாடிக்கு 7.67 கி.மீ., அதாவது 7,669 மீட்டர். எஞ்சினை இயக்குவது என்பது இந்த அம்பின் முனையில் இன்னொரு சிறிய அம்பை ஒட்டுவதற்குச் சமம். அந்தச் சிறிய அம்பின் நீளத்தைத்தான் எரிபொருள் முடிவு செய்கிறது. அதை எந்தத் திசையில் ஒட்டுவது என்பது நம் விருப்பம். உயரத்தை மாற்ற விரும்புவோர் அதை நீண்ட அம்பின் திசையிலேயே ஒட்டுகிறார்கள். சாய்வை மாற்ற விரும்புவோர் பக்கவாட்டில் ஒட்டுகிறார்கள். வேறுபாடு முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் உயரம். செயற்கைக்கோளை அது செல்லும் திசையிலேயே வினாடிக்கு 1 மீட்டர் கூடுதலாகத் தள்ளினால், எஞ்சின் இயங்கிய இடத்தில் உயரம் மாறாது. ஆனால் பாதையின் எதிர்ப்பக்கம் சுமார் 3.5 கி.மீ. உயர்ந்துவிடும். 7,669 மீட்டரோடு 1 மீட்டரைச் சேர்த்ததற்கு இது தாராளமான பலன். இதற்குக் காரணம், வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் பொருளை அது போகும் திசையிலேயே தள்ளும்போது அதன் ஆற்றல் பெருமளவு கூடுகிறது என்பதே. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்திருப்பதால், நின்றுகொண்டிருக்கும் பொருளின் வேகத்தில் 1 மீட்டரைக் கூட்டுவதும் 7,669 மீட்டர் வேகத்தில் செல்லும் பொருளின் வேகத்தில் 1 மீட்டரைக் கூட்டுவதும் ஒன்றல்ல. கூடுதலாகக் கிடைத்த ஆற்றலைச் செயற்கைக்கோள் எதிர்ப்பக்கம் வரை கொண்டு சென்று உயரமாக மாற்றிக்கொள்கிறது.

எதிர்ப்பக்கம் உயர்ந்தால் மட்டும் வட்டப்பாதை கிடைத்துவிடாது. அந்த உச்சியை அடைந்ததும் இன்னொரு முறை எஞ்சினை இயக்கி, தாழ்ந்திருக்கும் பக்கத்தையும் உயர்த்த வேண்டும். 400 கி.மீ.யிலிருந்து 800 கி.மீ.க்குச் செல்ல, முதல் உந்துதல் வினாடிக்கு 109 மீட்டர், இரண்டாவது உந்துதல் 108 மீட்டர். இரண்டும் சேர்ந்தே தொடக்கத்தில் சொன்ன 217 மீட்டர். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு முறையும் வேகத்தைக் கூட்டவே செய்தோம். ஆனால் 800 கி.மீ. உயரத்தில் செயற்கைக்கோளின் வேகம் வினாடிக்கு 7.45 கி.மீ. மட்டுமே, தொடங்கியபோது இருந்ததை விடக் குறைவு. கொடுத்த வேகத்தையும் அதற்கு மேலும் ஏறத்தாழ அதே அளவையும் ஏற்றத்தில் ஈர்ப்பு விசை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு உயரத்தைத் தந்துவிட்டது.

இனி சாய்வு. வினாடிக்கு 1 மீட்டர் அளவுள்ள அதே சிறிய அம்பை இப்போது பாதையின் தளத்துக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில் ஒட்டுவோம். 7,669 மீட்டர் நீளமுள்ள பக்கமும் 1 மீட்டர் நீளமுள்ள பக்கமும் செங்கோணத்தில் சேரும் முக்கோணத்தின் நீண்ட பக்கம் எவ்வளவு என்று கணக்கிட்டால், அது 7,669 மீட்டரை விட ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு மட்டுமே அதிகம். ஆகவே ஆற்றல் கூடவில்லை என்றே சொல்லிவிடலாம். மாறியிருப்பது திசை மட்டும், அதுவும் 0.0075 பாகை. சாலையில் ஓடும் வண்டி திரும்பும்போது, சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு அதைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்பிவிடுகிறது. அதற்காக வண்டி தனியாக எரிபொருள் செலவிடுவதில்லை என்பதால், திசை திரும்புவது இலவசம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. விண்வெளியில் சாய்ந்துகொள்ளத் தரையும் இல்லை, காற்றும் இல்லை. பக்கவாட்டு விசை முழுவதையும் தன் தொட்டியிலிருந்தே செயற்கைக்கோள் எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.

வேகம் மாறாமல் திசையை மட்டும் மாற்ற எவ்வளவு உந்துதல் தேவை என்பதை ஓர் இருசமபக்க முக்கோணம் சொல்லிவிடும். பழைய வேகத்தைக் காட்டும் அம்பையும் புதிய வேகத்தைக் காட்டும் அம்பையும் ஒரே புள்ளியிலிருந்து வரைந்தால், அவற்றின் நீளம் சமம். இடைக்கோணம் நாம் விரும்பும் திருப்பம். இரு அம்புகளின் முனைகளையும் இணைக்கும் மூன்றாவது பக்கமே நாம் கொடுக்க வேண்டிய உந்துதல். வேகத்தை v என்றும் திருப்பக் கோணத்தை θ என்றும் எழுதினால் அதன் நீளம் இதுதான்:

```
Δv = 2 v sin(θ/2)
```

இந்தச் சூத்திரத்தில் v முழுமையாக வந்து நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உயரத்தை மாற்றும்போது, இருக்கும் 7.67 கி.மீ. வேகத்தோடு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது மட்டுமே கேள்வி. சாய்வை மாற்றும்போதோ அந்த 7.67 கி.மீ. முழுவதையும் திருப்பியாக வேண்டும். 1 பாகைக்கு வினாடிக்கு 134 மீட்டர் ஆகிறது. 60 பாகை திருப்ப வேண்டுமானால் முக்கோணம் சமபக்க முக்கோணமாகிவிடும். அப்போது தேவைப்படும் உந்துதல் சுற்றுப்பாதை வேகத்துக்கே சமம். 60 பாகை திரும்புவதற்கான உந்துதலைக் கொண்டு, இருக்கும் வேகம் முழுவதையும் நிறுத்திவிட முடியும் என்றும் இதைப் படிக்கலாம்.

இந்த ஒப்பீட்டில் ஒரு நியாயக் கேள்வி எழுகிறது. ஒரு பக்கம் கிலோமீட்டர், மறுபக்கம் பாகை. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? 1.6 பாகை சிறிது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பாகையையும் கிலோமீட்டராக மாற்றிப் பார்ப்பதே சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. பூமியின் மையத்திலிருந்து 6,778 கி.மீ. தொலைவில் உள்ள பாதையை 1.6 பாகை சாய்த்தால், பழைய பாதைக்கும் புதிய பாதைக்கும் இடையிலுள்ள இடைவெளி அதிகபட்சம் சுமார் 190 கி.மீ. வரும். ஆகவே 217 மீட்டர் வேகமாற்றம் மேல்நோக்கி 400 கி.மீ. தருகிறது, பக்கவாட்டில் 190 கி.மீ. தருகிறது. கிலோமீட்டர் கணக்கில் வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மடங்கு மட்டுமே. பலர் நினைப்பது போல நாற்பது, ஐம்பது மடங்கு அல்ல.

அப்படியானால் நடைமுறையில் சாய்வு மாற்றம் ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது? ஏனென்றால் நாம் சாதாரணமாகக் கேட்கும் உயர மாற்றங்கள் சில நூறு கிலோமீட்டர் அளவிலும், சாதாரணமாகக் கேட்கும் சாய்வு மாற்றங்கள் சில ஆயிரம் கிலோமீட்டர் அளவிலும் இருக்கின்றன. தாழ்வான சுற்றுப்பாதைகள் எல்லாம் பூமியை மெல்லிய ஓடு போலச் சூழ்ந்த பகுதியில்தான் இருக்கின்றன. அதற்குள் மேலும் கீழும் போவது குறுகிய பயணம். பாகை என்ற சிறிய எண்ணோ பெரிய தொலைவை மறைத்து வைத்திருக்கிறது. அந்த உயரத்தில் 1 பாகை என்பதே ஏறத்தாழ 118 கி.மீ.

இரண்டாவது காரணம் இதை விட ஆழமானது. உயரத்துக்கான செலவுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மேலே செல்லச் செல்ல ஈர்ப்பு விசை குறைந்துகொண்டே போவதால், அடுத்தடுத்த ஆயிரம் கிலோமீட்டர்கள் மலிவாகிக்கொண்டே போகின்றன. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகத்தை 41 விழுக்காடு, அதாவது வினாடிக்கு 3.18 கி.மீ. கூட்டினால், அது பூமியின் பிடியிலிருந்தே விடுபட்டுப் போய்விடும். சாய்வுக்கான செலவுக்கு அத்தகைய சலுகை ஏதும் இல்லை. கோணம் கூடக் கூட அதுவும் ஏறிக்கொண்டே போகும். 180 பாகை திருப்பி எதிர்த்திசையில் சுற்ற வைக்க வேண்டுமானால் வேகத்தைப் போல இரு மடங்கு, அதாவது 15.3 கி.மீ. தேவைப்படும். இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பான சமன்பாடு கிடைக்கிறது: தாழ்வான பாதையை 24 பாகை திருப்புவதற்கான செலவும், பூமியை விட்டே வெளியேறுவதற்கான செலவும் ஏறத்தாழ ஒன்று.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறி, அதிலிருந்த 7 பேரும் உயிரிழந்த பிறகு, இனி ஓடத்தில் சேதம் ஏற்பட்டால் வீரர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தஞ்சமடைந்து காத்திருக்கலாம் என்று நாசா திட்டமிட்டது. ஆனால் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் செல்லும் ஓடத்துக்கு இந்த வழி இல்லை. ஹப்பிளின் சாய்வு 28.5 பாகை, விண்வெளி நிலையத்தின் சாய்வு 51.6 பாகை. 2009-இல் ஹப்பிள் சுமார் 560 கி.மீ. உயரத்திலும் நிலையம் சுமார் 350 கி.மீ. உயரத்திலும் சுற்றிக்கொண்டிருந்தன. உயரத்தில் உள்ள இடைவெளியைக் கடக்க வினாடிக்கு ஏறத்தாழ 120 மீட்டர் போதும். சாய்வில் உள்ள 23.1 பாகை இடைவெளியைக் கடக்கவோ ஏறத்தாழ 3,030 மீட்டர் வேண்டும். சுற்றுப்பாதையில் நகர்வதற்கென ஓடத்தில் இருந்த எஞ்சின்கள், தொட்டி நிரம்பியிருக்கும்போது மொத்தமாகவே சுமார் 300 மீட்டர் வேகமாற்றத்தைத்தான் தரக்கூடியவை. அதிலும் ஒரு பகுதியைப் பூமிக்குத் திரும்புவதற்காக மிச்சம் வைத்தாக வேண்டும். இந்த நிலையத்தையும் தொலைநோக்கியையும் உயரத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அவை அண்டை வீடுகள் போலத் தோன்றும். சுற்றுப்பாதைக் கணக்கிலோ அவற்றுக்கிடையே 2,800 கி.மீ. அகலமுள்ள பள்ளம் இருக்கிறது.

இதனால் 2004 ஜனவரியில் நாசா ஹப்பிள் பழுதுபார்ப்புப் பயணத்தையே கைவிட்டது. 2006-இல் அந்த முடிவு மாற்றப்பட்டு, 2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஓடம் ஹப்பிளுக்குப் புறப்பட்டபோது, கென்னடி விண்வெளி மையத்தின் மற்றோர் ஏவுதளத்தில் எண்டெவர் ஓடம் மீட்புக்காகத் தயார்நிலையில் நிறுத்தப்பட்டிருந்தது. அட்லாண்டிஸில் கோளாறு ஏற்பட்டிருந்தால், ஏற்கெனவே மேலே இருக்கும் நிலையத்துக்குச் செல்வதை விட, தரையிலிருந்து இன்னொரு ஓடத்தை 28.5 பாகைச் சாய்விலேயே ஏவி அதிலிருந்த வீரர்களை அழைத்து வருவதே இயலக்கூடிய வழியாக இருந்தது.

வேகமாற்றத்தை எரிபொருளாக மாற்றும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. ராக்கெட் எஞ்சினுக்கு, பின்னர் எரிக்க வேண்டிய எரிபொருளையும் இப்போது சுமந்து தள்ள வேண்டிய கட்டாயம் உண்டு. அதனால் வேகமாற்றம் இரு மடங்கானால் தொடக்க எடைக்கும் இறுதி எடைக்கும் உள்ள விகிதம் இரு மடங்காவதில்லை, அதன் இருமடியாகிவிடுகிறது. செயற்கைக்கோள்களில் வழக்கமாகப் பயன்படும் எஞ்சின்களில் வாயு வினாடிக்கு ஏறத்தாழ 3 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது. மொத்தம் 1,000 கிலோ எடையுள்ள கலத்தில் அப்படிப்பட்ட எஞ்சின் இருந்தால், மேலே சொன்ன 120 மீட்டருக்குச் சுமார் 40 கிலோ எரிபொருள் ஆகும். 3,030 மீட்டருக்கோ ஏறத்தாழ 640 கிலோ ஆகும். அதாவது கலத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானது எரிபொருளாகவே இருக்க வேண்டும். அவ்வளவையும் செலவிட்ட பிறகு செயற்கைக்கோளின் உயரம் அதேதான், வேகமும் அதேதான்.

சாய்வு மாற்றத்தை எங்கே, எந்தத் திசையில் செய்வது என்பதும் கவனிக்க வேண்டியது. எஞ்சின் இயங்கும் கணத்தில் செயற்கைக்கோள் எந்தப் புள்ளியில் இருக்கிறதோ, அந்தப் புள்ளி பழைய பாதைக்கும் புதிய பாதைக்கும் பொதுவானது. ஆகவே பூமியின் மையத்தையும் அந்தப் புள்ளியையும் இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டே தளம் திரும்பும். நிலநடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் எஞ்சினை இயக்கினால் திருப்பம் முழுவதும் சாய்வு மாற்றமாகக் கிடைக்கும். வடக்கின் உச்சியில் இருக்கும்போது பக்கவாட்டில் அதே சிறிய உந்துதலைக் கொடுத்தால் சாய்வு ஏறக்குறைய மாறவே மாறாது; அதற்குப் பதிலாகப் பாதை நிலநடுக்கோட்டைக் கடக்கும் இடம்தான் கிழக்கிலோ மேற்கிலோ நகர்ந்திருக்கும். எரிபொருள் செலவாகி, சாய்வு மட்டும் அப்படியே இருக்கக் கண்டால், எஞ்சின் இயங்கிய இடம் தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

இரு தளங்கள் எங்கே நிலநடுக்கோட்டைக் கடக்கின்றன என்பது ஹப்பிள், நிலையம் கணக்கிலும் ஒளிந்திருக்கிறது. 23.1 பாகை என்பது இரண்டும் நிலநடுக்கோட்டை ஒரே இடத்தில், ஒரே திசையில் கடக்கும்போது கிடைக்கும் மிகக் குறைந்த இடைக்கோணம். பூமி நிலநடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதால் எல்லாச் சாய்வான பாதைகளின் தளங்களும் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கின்றன. சுழலும் வேகம் பாதைக்குப் பாதை வேறுபடுகிறது. அதனால் இந்த இடைக்கோணம் சில நேரங்களில் 80 பாகை வரைகூடப் போகும். பொறுமையாகக் காத்திருந்தால் அந்தச் சுழற்சியே தளங்களை மறுபடியும் நெருக்கிக் கொண்டுவரும், அதற்கு எரிபொருள் தேவையில்லை. ஆனால் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் 23.1 பாகைக்குக் கீழே அது இறங்காது, ஏனெனில் பூமியின் புடைப்பு தளத்தைச் சுழற்றுகிறதே தவிரச் சாய்வை மாற்றுவதில்லை.

திசையைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் செங்குத்தாகத் தள்ளினால் போதும் என்பது சிறிய கோணங்களுக்கு மட்டுமே சரி. 23.1 பாகை போன்ற பெரிய திருப்பத்தை அப்படிச் செய்தால் வேகம் வினாடிக்கு 7.67 கி.மீ.யிலிருந்து 8.34 கி.மீ.யாகக் கூடிவிடும். கோணம் சரியாக வந்திருக்கும்; ஆனால் 400 கி.மீ.யில் வட்டமாக இருந்த பாதையின் எதிர்ப்பக்கம் சுமார் 3,400 கி.மீ. உயரத்துக்குப் போய்விட்டிருக்கும். இதைத் தவிர்க்க, எஞ்சின் தள்ளும் திசையைச் செங்குத்திலிருந்து திருப்பக் கோணத்தில் பாதியளவு, இங்கே 11.55 பாகை, பின்னோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். முன்னர் சொன்ன இருசமபக்க முக்கோணத்தின் மூன்றாவது பக்கம் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு, செலவைக் குறைக்கும் வழி சூத்திரத்திலேயே தென்படுகிறது. கோணம் நம் தேவையைப் பொறுத்தது, அதை மாற்ற முடியாது. ஆனால் v-ஐக் குறைக்க முடியும். நீள்வட்டப் பாதையில் செல்லும் பொருள் பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும்போது மிக மெதுவாகச் செல்கிறது. திருப்பத்தை அந்த உச்சியில் வைத்துக்கொண்டால், திருப்ப வேண்டிய அம்பே சிறியதாகிவிடும்.

தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களைப் புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு அனுப்புவோர் எப்போதும் செய்வது இதையே. அந்தப் பாதை நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, அதன் சாய்வு 0 பாகையாக இருக்க வேண்டும். கேப் கனாவெரலிலிருந்து நேர்கிழக்கே ஏவினால் கிடைக்கும் சாய்வு 28.5 பாகை. 185 கி.மீ. உயரத்தில் முதலில் சுற்றும்போதே இந்தச் சாய்வை நீக்க முயன்றால் 3.84 கி.மீ. ஆகும்; ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரம் ஏறுவதற்கான மொத்தச் செலவே 3.94 கி.மீ.தான். மாறாக, சாய்வைத் தொடாமல் முதலில் நீள்வட்டத்தில் மேலே அனுப்பினால், உச்சியை அடையும்போது வேகம் வினாடிக்கு 1.60 கி.மீ.யாகக் குறைந்திருக்கும். வட்டப்பாதைக்கு மாற அதை எப்படியும் 3.07 கி.மீ.யாகக் கூட்டியே ஆக வேண்டும். சாய்வு பிரச்சினையே இல்லாதிருந்தால் அதற்கு 1.48 கி.மீ. போதும். அந்த உந்துதலையே சற்றுத் திருப்பி, வேகத்தைக் கூட்டும்போதே 28.5 பாகையையும் நீக்கிவிட்டால், தேவைப்படுவது 1.84 கி.மீ. அதாவது சாய்வுக்காகக் கூடுதலாகக் கொடுத்தது 0.36 கி.மீ. மட்டும். கீழே செய்தால் ஆகும் செலவில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே முக்கோணத்தில் இரு வேலைகளைச் செய்வதால் கிடைக்கும் இந்த இலாபம், முதன்முறை கணக்கிட்டுப் பார்க்கும் எவரையும் கணக்கைத் திரும்பச் சரிபார்க்க வைக்கும்.

தாழ்வான பாதையிலிருந்து இன்னொரு தாழ்வான பாதைக்குப் போக வேண்டியவர்களுக்கும் இந்தத் தந்திரம் உதவுமா? உதவும், ஆனால் எல்லாக் கோணங்களுக்கும் அல்ல. அவர்கள் மேலே ஏறிப் போய்த் திரும்பிவிட்டு, மறுபடியும் கீழே இறங்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏற்றத்துக்குச் செலவிட்ட அளவையே இறக்கத்துக்கும் செலவிட வேண்டும். கணக்கிட்டால், திருப்பம் ஏறத்தாழ 39 பாகைக்கு மேல் இருந்தால்தான் இந்தச் சுற்றுவழி பயன் தரத் தொடங்குகிறது. 60 பாகைக்கு மேல் போனால், எவ்வளவு தொலைவு சென்று திரும்புகிறோமோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். ஹப்பிளிலிருந்து விண்வெளி நிலையத்துக்கான 23.1 பாகை இந்த எல்லைக்கு உள்ளேயே இருந்ததால், மேலே போய்த் திரும்பும் வழி அங்கே கைகொடுத்திருக்காது.

தொலைவில் திருப்புவது என்ற கருத்தை அதன் எல்லை வரை கொண்டுசென்ற நிகழ்வு ஒன்றும் உண்டு. 1997 டிசம்பரில் பைக்கனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் ஏவப்பட்ட ஏசியாசாட்-3 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள், மேல்நிலை எஞ்சின் உரிய நேரத்துக்கு முன்பே நின்றுவிட்டதால், ஏறத்தாழ 51 பாகை சாய்ந்த நீள்வட்டப் பாதையில் சிக்கிக்கொண்டது. அதன் தொட்டியில் எரிபொருள் கணிசமாக இருந்தும், அந்தச் சாய்வை வழக்கமான முறையில் நீக்கினால் பணி செய்வதற்கு எதுவும் மிஞ்சாது என்பதால் காப்பீட்டாளர்கள் அதை முழு இழப்பாக அறிவித்தனர். அதைத் தயாரித்த ஹியூஸ் நிறுவனம் செயற்கைக்கோளைப் பொறுப்பேற்று, அதன் உச்சியைச் சிறிது சிறிதாக உயர்த்தி நிலவின் தொலைவு வரை கொண்டுசென்றது. 1998 மே மாதமும் ஜூன் மாதமும் அது நிலவைச் சுற்றி வளைந்து திரும்பியது. அங்கே பக்கவாட்டு விசையைக் கொடுத்தது பெரும்பாலும் நிலவின் ஈர்ப்பு. செயற்கைக்கோள் தன் எரிபொருளை அந்தப் பாதையைச் சரியாக அமைப்பதற்கே செலவிட்டது. எச்ஜிஎஸ்-1 என்ற புதிய பெயரோடு புவிநிலை உயரத்துக்கு அது வந்து சேர்ந்தபோது, 51 பாகையாக இருந்த சாய்வு 10 பாகைக்கும் கீழே குறைந்திருந்தது. மிஞ்சிய சாய்வின் காரணமாக, பூமியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வானில் ஒரே புள்ளியில் நிற்காமல் நாள்தோறும் வடக்கும் தெற்குமாக ஊசலாடிக்கொண்டிருந்தது. ஆகவே, அதைப் பின்தொடர்ந்து திரும்பக்கூடிய ஆண்டெனாக்களைக் கொண்டுதான் அதன் சேவையைப் பயன்படுத்த முடிந்தது.